தீபாவளி விளக்குக்குப் பதில் காலிக் கட்டம்: பழைய கைத்தொலைபேசியிலும் இணையப் பக்கத்திலும் எமோஜியைச் சரிசெய்யும் வழி

"தீபாவளி நல்வாழ்த்துகள் 🪔" என்று அனுப்புகிறீர்கள். ஈசூனில் இருக்கும் பெரியம்மாவின் பழைய கைத்தொலைபேசியில் வாழ்த்து வந்து சேர்கிறது. விளக்கு இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கட்டம். அதே வாழ்த்தை உங்கள் அமைப்பின் இணையப் பக்கத்தில் போட்டால் அங்கே "????" என்று நிற்கிறது. பார்ப்பதற்கு ஒரே கோளாறு போலத் தோன்றும் இவை இரண்டும் வெவ்வேறு. முதலாவதில் எமோஜி பத்திரமாக இருக்கிறது, அதை வரையத்தான் கருவிக்குத் தெரியவில்லை. இரண்டாவதில் எமோஜியே அழிந்துபோயிருக்கிறது. இதைப் பிரித்தறியாமல் கைவைத்தால், கைத்தொலைபேசியை மாற்றிய பிறகும் கேள்விக்குறி அப்படியே இருக்கும்.

கீழே உள்ள படிகளை வரிசையாகச் செய்யுங்கள். முதல் ஐந்தும் எட்டாவதும் எல்லாருக்கும். ஆறும் ஏழும் சொந்தமாக இணையப் பக்கம் நடத்துபவர்களுக்கு.

## 1. திரையில் தெரிவதை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள்

"எமோஜி வரவில்லை" என்று மட்டும் சொன்னால் யாராலும் உதவ முடியாது. என்ன வந்திருக்கிறது என்பதில்தான் விடை இருக்கிறது. ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள்.

வெறும் கட்டம், குறுக்குக் கோடு போட்ட கட்டம், கட்டத்துக்குள் கேள்விக்குறி (ஐபோனில் பெரும்பாலும் இது) ஆகிய மூன்றுக்கும் பொருள் ஒன்றுதான்: எழுத்துருவில் அந்தப் படம் இல்லை. எழுத்துரு வடிவமைப்பாளர்கள் இந்தக் கட்டத்தைச் செல்லமாக "டோஃபு" என்பார்கள், பார்க்க தவ்ஃபூத் துண்டு போலிருப்பதால். கூகலின் "நோட்டோ" எழுத்துருக்களுக்கு அந்தப் பெயர் வந்ததும் "நோ டோஃபு" என்பதிலிருந்துதான்.

கட்டம் இல்லாமல் வெறும் கேள்விக்குறிகள் வரிசையாக வந்தால் கோளாறு டேட்டாபேஸில். "ðŸª”" போன்ற ஐரோப்பிய எழுத்துக் குப்பை வந்தால் கோளாறு குறிமுறையில், அதாவது எழுத்துகளை எண்களாக மாற்றிச் சேமிக்கும் முறையில். ஒன்றுக்குப் பதில் இரண்டு படங்கள் வந்தாலோ, கொடிக்குப் பதில் "SG" என்ற எழுத்துகள் வந்தாலோ அது வேறு கதை. அதற்கு ஐந்தாம் படி.

தமிழ் படிப்பவர்களுக்கு இங்கே ஒரு வசதி உண்டு. எமோஜிக்குப் பக்கத்தில் இருக்கும் தமிழைப் பாருங்கள். தமிழும் சேர்ந்து "à®¤à¯€" என்று சிதைந்திருந்தால் (அது "தீ" என்ற எழுத்து), பக்கம் முழுவதும் தவறான குறிமுறையில் படிக்கப்படுகிறது. தமிழ் அழகாக இருந்து எமோஜி மட்டும் கேள்விக்குறியானால், டேட்டாபேஸ் தமிழை ஏற்கிறது, எமோஜியை ஏற்கவில்லை. ஆங்கிலத்தில் மட்டும் எழுதுபவர்களுக்கு இந்தத் துப்பு கிடைக்காது, ஏனென்றால் ஆங்கில எழுத்துகள் வழக்கத்தில் உள்ள பெரும்பாலான குறிமுறைகளில் சிதையாது.

## 2. அதே செய்தியைப் புதிய கருவி ஒன்றில் திறந்து பாருங்கள்

கட்டம் தெரியும் செய்தியை வீட்டில் இருக்கும் புதிய கைத்தொலைபேசிக்கு அனுப்புங்கள். இணையப் பக்கமென்றால் அதன் முகவரியை அங்கே திறங்கள்.

புதியதில் விளக்கு ஒழுங்காகத் தெரிந்தால் தகவலில் குறையில்லை, பழைய கருவியில்தான் குறை. மூன்றாம் படிக்குப் போங்கள். புதியதிலும் கேள்விக்குறியோ குப்பையோ தெரிந்தால் பழைய கருவியைக் குறைசொல்லிப் பயனில்லை. அனுப்பிய இடத்தில், அல்லது சேமித்த இடத்தில் பழுது. ஆறாம் படிக்குப் போங்கள்.

இந்தச் சோதனைக்கு ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பாதீர்கள். ஸ்கிரீன்ஷாட் வெறும் படம். அதில் கட்டம் எங்கே போனாலும் கட்டமாகவே இருக்கும். செய்தியைத்தான் முன்னனுப்ப வேண்டும்.

## 3. கைத்தொலைபேசியின் பதிப்பையும் எமோஜியின் வயதையும் ஒப்பிடுங்கள்

எமோஜி என்பது அனுப்பப்படும் படம் அல்ல. ஓர் எண் மட்டுமே போகிறது. விளக்கின் எண் U+1FA94. பெறும் கருவி அந்த எண்ணைத் தன் எழுத்துருவில் தேடி, இருந்தால் வரைகிறது, இல்லாவிட்டால் கட்டம் போடுகிறது. எழுத்துரு பெரும்பாலும் இயங்குதளத்தோடு சேர்ந்தே வரும். ஆகவே இயங்குதளம் எந்த ஆண்டோடு நின்றுவிட்டதோ, எமோஜியும் ஏறக்குறைய அந்த ஆண்டோடு நின்றுவிடும்.

ஆண்ட்ராய்டில் Settings → About phone → Android version. சாம்சுங்கில் About phone உள்ளே Software information என்பதையும் தொட வேண்டும். ஐபோனில் Settings → General → About → iOS Version.

நம்மவர்கள் அதிகம் பயன்படுத்தும் நான்கு எமோஜிகள் ஒரே தொகுப்பில் வந்தவை: அகல்விளக்கு 🪔, கோயில் 🛕, சேலை 🥻, ஆட்டோ 🛺. யூனிகோடு 12.0 என்ற 2019ஆம் ஆண்டுத் தொகுப்பு அது. இவற்றைக் காண ஆண்ட்ராய்டு 10, அல்லது ஐஓஎஸ் 13.2 வேண்டும். ஆண்ட்ராய்டு 9இல் நின்றுவிட்ட கருவியில் நான்கும் கட்டம்தான். ஐபோன் 5எஸ், ஐபோன் 6 இரண்டும் ஐஓஎஸ் 12ஐத் தாண்டாது, அவற்றிலும் அப்படியே. ஐபோன் 6எஸ், ஐபோன் 7 இரண்டும் ஐஓஎஸ் 15 வரை போகும். விளக்கு எரியும், ஆனால் இளஞ்சிவப்பு இதயம் 🩷 கட்டமாகிவிடும், ஏனென்றால் அதற்கு ஐஓஎஸ் 16.4 தேவை.

கைகூப்பும் 🙏 போன்றவை 2010லேயே யூனிகோடில் சேர்ந்தவை. அதுவே கட்டமாகத் தெரிந்தால் கருவி உண்மையிலேயே மிகப் பழையது.

புதுப்பிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். ஐபோனில் General → Software Update. ஆண்ட்ராய்டில் Software update அல்லது System → System update. செலவு ஏதுமில்லை, ஆனால் பெரிய புதுப்பிப்பு ஒரு ஜிகாபைட்டைத் தாண்டக்கூடும். வீட்டு வைஃபையில் செய்யுங்கள். மின்னூட்டத்தில் போட்டுவிட்டு ஒரு மணி நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். நிழற்படங்களை முதலில் வேறு இடத்தில் நகலெடுத்துக்கொள்ளுங்கள். பழைய கருவியில் இடம் போதாமல் பாதியில் நிற்பதுதான் வழக்கமான தொல்லை.

மூத்தோருக்கு இதைச் செய்துகாட்ட வீட்டில் ஆள் இல்லையென்றால், சமூக மன்றங்களிலும் பொது நூலகங்களிலும் இருக்கும் SG Digital சமூக மையங்களில் மின்னிலக்கத் தூதர்கள் நேருக்கு நேர் சொல்லித்தருவார்கள். கட்டணம் கிடையாது. போகும்போது மின்னூட்டியையும், ஐபோன் என்றால் ஆப்பிள் கணக்கின் கடவுச்சொல்லையும் மறக்காதீர்கள்.

இந்தப் படியில் இரண்டு பொறிகள்.

எமோஜி விசைப்பலகைச் செயலியைப் பதிவிறக்கினால் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். ஆகாது. விசைப்பலகை எண்ணை அனுப்பும் கருவி. பெறும் எண்ணை வரைவது எழுத்துரு. புது விசைப்பலகை போட்ட பிறகும் பெரியம்மாவுக்குக் கட்டம்தான் தெரியும். மேலும், தெரியாத நிறுவனத்தின் விசைப்பலகை, நீங்கள் தட்டும் ஒவ்வோர் எழுத்தையும் பார்க்கும் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஆண்ட்ராய்டில் வங்கிக் கடவுச்சொல் உட்பட.

இரண்டாவது, எழுத்துருவை மாற்றுவதற்காகக் கருவியை "ரூட்" செய்வது, அதாவது இயங்குதளத்தின் பூட்டை உடைத்து முழு உரிமை பெறுவது. அப்படிச் செய்த கைத்தொலைபேசியில் பல வங்கிச் செயலிகள் திறக்க மறுக்கும். ஒரு விளக்கு எரிய இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

## 4. வாட்ஸ்அப்பில் தெரிகிறது, குறுஞ்செய்தியில் தெரியவில்லை என்றால்

அதிகக் குழப்பம் இங்கேதான். ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் தன் சொந்த எமோஜிப் படங்களைச் செயலிக்குள்ளேயே வைத்திருக்கிறது. அதனால் ஆண்ட்ராய்டு 9 கருவியிலும் வாட்ஸ்அப் உரையாடலுக்குள் விளக்கு தெரியும். அதே விளக்கு குறுஞ்செய்தியிலோ உலாவியிலோ கட்டமாகும். திரையின் மேலிருந்து இறங்கும் அறிவிப்பில் கட்டமும், தொட்டு உள்ளே போனால் விளக்கும் தெரிந்தால் காரணம் இதுவே: அறிவிப்பை வரைவது இயங்குதளம், உரையாடலை வரைவது வாட்ஸ்அப்.

ஆகவே ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப்புக்குள்ளேயே கட்டம் தெரிந்தால் முதலில் வாட்ஸ்அப்பைப் புதுப்பியுங்கள். சில நிமிட வேலை. பெரும்பாலும் அதிலேயே தீர்ந்துவிடும், இயங்குதளத்தைத் தொடவே வேண்டாம்.

ஐபோனில் அப்படி இல்லை. அங்கே வாட்ஸ்அப்பும் ஆப்பிளின் எழுத்துருவைத்தான் பயன்படுத்துகிறது. வாட்ஸ்அப்பை எத்தனை முறை புதுப்பித்தாலும் ஐஓஎஸ் புதுப்பிக்கப்படாமல் புது எமோஜி வராது.

## 5. தவறான படம், உடைந்த படம், "SG" எழுத்து

சில எமோஜிகள் ஒற்றை எண் அல்ல, பல எண்களின் கோவை. எரியும் இதயம் ❤️‍🔥 என்பது இதயம், கண்ணுக்குத் தெரியாத ஒட்டும் குறி (U+200D), நெருப்பு மூன்றும் சேர்ந்தது. ஐஓஎஸ் 14.5க்கு முந்திய ஐபோனுக்கு இந்தக் கூட்டு தெரியாது. இதயமும் நெருப்பும் தெரியும், எனவே ❤️🔥 என்று பக்கத்தில் பக்கத்தில் போட்டுவிடும். கட்டம் எதுவும் வராததால் யாரும் கோளாறு என்று உணர்வதில்லை. தோல்நிறம் சேர்த்த 🙏🏽 மிகப் பழைய கருவியில் மஞ்சள் கைகளும் அருகே ஒரு பழுப்புச் சதுரமுமாகப் பிரிவதும் இதே காரணத்தால். தீர்வு மூன்றாம் படியில் சொன்னதுதான், புதுப்பிப்பு.

கொடியின் கதை வேறு. தேசிய தின வாழ்த்தில் 🇸🇬 போடுகிறீர்கள், அலுவலகத்தின் விண்டோஸ் கணினியில் குரோமிலோ எட்ஜிலோ திறந்தால் "SG" என்று எழுத்தாக நிற்கிறது. கணினி பழையதல்ல, பழுதும் இல்லை. கொடி எமோஜி உண்மையில் S, G என்ற இரு சிறப்பு எழுத்துகளின் சேர்க்கை. விண்டோஸின் எமோஜி எழுத்துருவில் நாட்டுக்கொடிகள் இல்லாததால் அந்த இரு எழுத்துகளே வெளியே தெரிகின்றன. அதே கணினியில் ஃபயர்ஃபாக்ஸில் திறங்கள், கொடி தெரியும், ஏனென்றால் அது தன் எமோஜி எழுத்துருவைத் தானே கொண்டுவருகிறது. சுவரொட்டி, அழைப்பிதழ் போன்றவற்றில் கொடி முக்கியமென்றால் எமோஜியை நம்பாமல் கொடியைப் படமாக ஒட்டுங்கள்.

மின்னஞ்சல் முடிவில் காரணமில்லாமல் "J" என்ற எழுத்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அனுப்பியவரின் பெயரெழுத்து அல்ல அது. அவுட்லுக் :) என்பதை விங்டிங்ஸ் எழுத்துருவின் சிரிப்பு முகமாக மாற்றியிருக்கும். அந்த எழுத்துருவில் சிரிப்பு முகம் இருக்கும் இடம் J. விங்டிங்ஸ் இல்லாத கருவியில் J மட்டும் மிஞ்சுகிறது.

## 6. உங்கள் பக்கத்தில் "????" வந்தால்

தீபாவளி நிகழ்ச்சிக்குப் பெயர் பதிவுசெய்யும் படிவம் என்று வைத்துக்கொள்வோம். குறிப்புப் பெட்டியில் ஒருவர் "நல்வாழ்த்துகள் 🪔 நாலு பேர் வருகிறோம்" என்று எழுதுகிறார். பட்டியலில் "நல்வாழ்த்துகள் ? நாலு பேர் வருகிறோம்" என்றோ, நான்கு கேள்விக்குறிகளோடோ வரும். அதைவிட மோசமானது, "நல்வாழ்த்துகள்" என்பதோடு வாக்கியம் துண்டாகி நிற்பது. நாலு பேர் வருகிற செய்தி எமோஜியோடு சேர்ந்து போய்விட்டது. சாப்பாட்டுக் கணக்கு தவறிய பிறகுதான் தெரியவரும்.

காரணம் பைட் எண்ணிக்கை. யுடிஎஃப்-8 குறிமுறையில் ஓர் ஆங்கில எழுத்துக்கு 1 பைட், தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட், விளக்குக்கு 4 பைட். பழைய மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸில் `utf8` என்று இருப்பது பெயருக்குத்தான் யுடிஎஃப்-8, அது 3 பைட் வரைதான் ஏற்கும். தமிழ் மயிரிழையில் உள்ளே நுழைந்துவிடுகிறது, எமோஜி வாசலில் நிற்கிறது. அதனால்தான் பல ஆண்டுகள் தமிழ் ஒழுங்காக ஓடிய பக்கம் முதல் எமோஜியில் தடுக்கி விழுகிறது. முழு 4 பைட்டையும் ஏற்பதன் பெயர் `utf8mb4`. அது 2010இல் வந்த 5.5.3 பதிப்பிலிருந்து உண்டு. 8.0இல்தான் இயல்பாகவே அமைந்தது.

அட்டவணை, பத்தி ஆகியவற்றின் பெயரையும் பதிவின் எண்ணையும் உங்களுடையவையாக மாற்றி, முதலில் சேமித்திருப்பது என்ன என்று பாருங்கள்:

```sql
SHOW CREATE TABLE pathivu;
SELECT HEX(kurippu) FROM pathivu WHERE id = 41;
```

விடையில் `F09FAA94` இருந்தால் விளக்கு பத்திரம், காட்டுகிற பக்கத்தில்தான் பழுது. `3F` இருந்தால் அது வெறும் கேள்விக்குறி. அசல் போய்விட்டது, எதைச் செய்தாலும் திரும்பாது. பதிவு செய்தவரிடமே கேளுங்கள். `C3B0C5B8` இருந்தால் இருமுறை குறிமாற்றம் ஆகியிருக்கிறது. அசலை மீட்கலாம், ஆனால் நகல் அட்டவணையில் சோதித்த பிறகே.

`utf8` என்று தெரிந்தால் முழு நகல் எடுத்துவிட்டு மாற்றுங்கள்:

```sql
ALTER TABLE pathivu
  CONVERT TO CHARACTER SET utf8mb4
  COLLATE utf8mb4_unicode_ci;
```

சிறிய அட்டவணைக்குச் சில நொடிகள். பெரியதென்றால் நேரமாகும், அதுவரை யாரும் புதிதாகப் பதிவுசெய்ய முடியாது. நள்ளிரவில் செய்யுங்கள், பதிவு மும்முரமாக நடக்கும் வாரத்தில் வேண்டாம்.

இங்கே மூன்று இடத்தில் சறுக்கும். அட்டவணையை மட்டும் மாற்றினால் போதாது, இணைப்பையும் மாற்ற வேண்டும். பிஎச்பியில் `mysqli_set_charset($db, 'utf8mb4');`, வேர்ட்பிரஸில் `wp-config.php` கோப்பில் `DB_CHARSET`. இதை விட்டுவிட்டால் எல்லாம் மாறிய பிறகும் கேள்விக்குறிதான். அடுத்தது, "Specified key was too long; max key length is 767 bytes" என்ற பிழை. 5.6 போன்ற பழைய பதிப்பில் 255 எழுத்து அகலமுள்ள, சுட்டுப்பட்டியல் போட்ட பத்தி 255 × 3 = 765 பைட்டில் அடங்கியது, 255 × 4 = 1020இல் அடங்காது. அந்தப் பத்தியை 191 எழுத்தாகக் குறைத்தால் 764 பைட், அடங்கிவிடும். மின்னஞ்சல் முகவரிப் பத்தியாக இருந்தால் 191ஐவிட நீளமான பதிவு ஏதும் இருக்கிறதா என்று முன்பே பாருங்கள். மூன்றாவது, நகல் எடுக்கும் கட்டளை. பழைய `mysqldump` இயல்பாக `utf8`இல்தான் எடுக்கும். எமோஜி சேர்ந்த பிறகு எடுக்கும் நகலுக்கு `--default-character-set=utf8mb4` சேர்க்காவிட்டால், மீட்டெடுக்கும் நாளில் எல்லா விளக்கும் அணைந்திருக்கும்.

இதை நீங்களே செய்ய முடியாமல் இணைய இட நிறுவனத்திடம் ஒப்படைப்பதென்றால் நான்கைக் கொடுங்கள்: ஸ்கிரீன்ஷாட், அட்டவணையின் பெயர், `SELECT VERSION();` தரும் பதிப்பு எண், மேலே சொன்ன HEX விடை. இவை இருந்தால் "உங்கள் கைத்தொலைபேசியைப் புதுப்பியுங்கள்" என்ற பதிலோடு திருப்பி அனுப்ப முடியாது.

எமோஜியோடு தமிழும் "à®" என்று சிதைந்திருந்தால் டேட்டாபேஸைத் தொடுமுன் பக்கத்தைப் பாருங்கள். `<meta charset="utf-8">` என்ற வரி பக்கத்தின் முதல் 1024 பைட்டுக்குள் இருக்க வேண்டும். இருந்தும் சிதைந்தால் சர்வர் வேறு குறிமுறையை அறிவிக்கிறது. இரண்டும் முரண்பட்டால் உலாவி சர்வர் சொல்வதைத்தான் கேட்கும். முகவரியை உங்களுடையதாக மாற்றி இதை ஓட்டுங்கள்:

```
curl -I https://example.com/
```

`Content-Type` வரியில் `charset=ISO-8859-1` என்று இருந்தால் சர்வரில் அதை `utf-8` ஆக்கச் சொல்லுங்கள்.

## 7. பக்கம் சரி, பார்க்க வருகிறவரின் கருவி பழையது என்றால்

அலங்காரத்துக்காக நீங்களே வைத்த விளக்கென்றால் எமோஜியை எடுத்துவிட்டு எஸ்விஜி படமாக வையுங்கள். எந்தக் கருவியிலும் ஒரே மாதிரி தெரியும், வேலையும் சில நிமிடம்தான்.

தலைப்புக்கு நடுவே எழுத்தாகவே வேண்டுமென்றால் கூகலின் Noto Emoji எழுத்துருவிலிருந்து அந்த ஓர் எழுத்தை மட்டும் வரவழைக்கலாம்:

```html
<link rel="stylesheet" href="https://fonts.googleapis.com/css2?family=Noto+Emoji&text=%F0%9F%AA%94">
```

பிறகு `font-family` வரிசையின் கடைசியில் `"Noto Emoji"` என்று சேர்த்துவிடுங்கள். `text=` இருப்பதால் முழு எழுத்துருவும் இறங்காது, பழைய கருவிக்கும் பாரமில்லை. இது வண்ணமில்லாத கோட்டு விளக்கு. சில புதிய கருவிகளிலும் வண்ண விளக்குக்குப் பதில் இதுவே தெரியலாம். வரிசையின் முதலில் மட்டும் போடாதீர்கள். முழு எமோஜி எழுத்துருவை ஒருநாள் சேர்க்கும்போது, அதில் 0 முதல் 9 வரையிலான எண்களும் இருப்பதால், பக்கத்திலுள்ள தேதியும் கட்டணமும் அகலமாக விரிந்து அசிங்கமாகிவிடும்.

## 8. அனுப்பும்போதே பார்த்து அனுப்புங்கள்

நூறு பேருக்குப் போகும் வாழ்த்தில் எல்லாருடைய கருவியையும் புதுப்பிக்க முடியாது. 2010இல் யூனிகோடில் சேர்ந்தவற்றைப் பயன்படுத்தினால் கட்டம் வருவது அரிது: மத்தாப்பு 🎇, வாணவேடிக்கை 🎆, பூ 🌺, கைகூப்பு 🙏. தோல்நிறம் சேர்க்காமல் மஞ்சளிலேயே விடுங்கள். பொங்கலுக்கு நெற்கதிர் 🌾 நன்றாகப் போகும். பொங்கல் பானைக்கென்று தனி எமோஜி இல்லை, 🍲 போடுகிறவர்கள் போடுகிறார்கள், பார்க்கச் சூப்புக் கிண்ணம் போலத்தான் இருக்கிறது.

தேதி, நேரம், இடம், கட்டணம் ஆகியவற்றை எமோஜியால் குறிக்கவே வேண்டாம். "📍 சிராங்கூன் சாலை" என்பதில் குறி கட்டமானாலும் பாதகமில்லை. "🛕 வாசலில் 7 மணிக்கு" என்று எழுதினால் ஆண்ட்ராய்டு 9 வைத்திருப்பவர் குறுஞ்செய்தியில் படிப்பது "▯ வாசலில் 7 மணிக்கு". எந்த வாசல் என்று கேட்டு உங்களுக்குத்தான் அழைப்பு வரும்.